கல்லின் சொரசொரப்பு மட்டும் வேண்டும், மண்டபம் வேண்டாம்

கேள்வி: எங்கள் ஊர்க் கமலைக் கிணற்றடியை 24×18 அங்குலக் கேன்வாஸில் அக்ரிலிக்கில் வரைகிறேன். சாயங்கால வெயில் வலது பக்கத்திலிருந்து விழுகிறது. கல்லுக்கு மாதிரியாக, குறுக்குத்துறை ஆற்று மண்டபத்தில் உச்சி வேளையில் எடுத்த போட்டோவை வைத்திருக்கிறேன். அந்தக் கல்லின் சொரசொரப்பு மட்டும் போதும். ஆனால் வரைய வரைய அந்த மண்டபமே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கிணற்றுக் கல் ஒட்டுப் போட்டதுபோல் இருக்கிறது. எங்கே தவறுகிறேன்? — பாளையங்கோட்டை வாசகர்

பதில்: போட்டோவில் தெரிகிற எல்லாமே கல்லுக்குச் சொந்தம் என்று எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். அந்தப் படத்தில் மூன்று வகைச் சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. மணியின் அளவு, அடி நிறம், உளி பொளிந்த தடம், விளிம்பு உடைந்திருக்கும் விதம் ஆகியவை கல்லுக்குச் சொந்தம். நிழல், பளிச்சென்ற மேற்பரப்பு, எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் இருட்டு என்பவை அந்த வேளைக்குச் சொந்தம். வண்டல் கோடு, பாசி, எண்ணெய்க் கறை போன்றவை அந்த இடத்துக்குச் சொந்தம். உங்களுக்கு வேண்டியது முதல் வகை மட்டும். மற்ற இரண்டையும் உங்கள் கிணற்றடியே கொடுக்க வேண்டும்.

முதலில் போட்டோவைக் கத்தரியுங்கள். தூணும் கூரையும் ஆறும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் கை அவற்றைத் தேடிப் போகும். ஒரே சமதளமான கல் முகத்தில், ஏறக்குறைய இரண்டு சாண் அகலமுள்ள ஒரு துண்டை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள். அதில் தூணின் விளிம்போ, விழுந்த நிழலோ, பளிச்சிடும் இடமோ இருக்கக் கூடாது. அப்படி ஒரு துண்டு உச்சி வெயில் படத்தில் கிடைப்பது கஷ்டம். குறுக்குத்துறை உங்களுக்குப் பக்கம்தானே, இன்னொரு நடை போய் இரண்டு படம் எடுத்து வந்துவிடலாம்.

ஒன்று நிறத்துக்கு: மேகம் மூடிய வேளையில், அல்லது நிழலில் இருக்கும் கல் முகத்தில், ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் ஒட்டவைத்து எடுங்கள். படத்தில் தாள் நீலம் பாய்ந்து தெரிந்தால் கல்லும் அதே அளவு நீலம் பாய்ந்திருக்கிறது என்று பொருள். அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். இன்னொன்று மேடுபள்ளத்துக்கு: காலை ஏழு மணிவாக்கில் வெயில் கல்லை உரசிக்கொண்டு போகும்போது, ஒரு பத்து ரூபாய் நாணயத்தைக் கல்லோடு சேர்த்துப் பிடித்து எடுங்கள். அந்த நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர். அடுத்த கணக்குக்கு அது வேண்டும்.

பெரும்பாலான கல் ஓவியங்கள் கெடுவது நிறத்தால் அல்ல, அளவால். உங்கள் கிணற்றுச் சுவர் நிஜத்தில் 75 செ.மீ உயரம், கேன்வாஸில் 15 செ.மீ என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஐந்தில் ஒரு பங்கு. நாணயத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கையில் கல்லின் கரும்புள்ளிகள் 3 மி.மீ இருந்தால், உங்கள் படத்தில் அவை 0.6 மி.மீ. அதாவது ஊசிமுனைப் புள்ளி. உளித் தடங்களுக்கு நடுவே ஒன்றரை செ.மீ இடைவெளி இருந்தால் கேன்வாஸில் 3 மி.மீ. அதை நுனித் தூரிகையால் வரையலாம். பின்னால் இருக்கும் 60 செ.மீ தொட்டியை நீங்கள் 3 செ.மீ உயரத்துக்கு வரைந்திருந்தால் அது இருபதில் ஒரு பங்கு. அங்கே உளித் தடமே முக்கால் மில்லிமீட்டர் இடைவெளிக்குச் சுருங்கிவிடும், புள்ளி கண்ணுக்கே தெரியாது. அந்தத் தொட்டிக்கு ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். நிறத்தை இங்கொன்றும் அங்கொன்றுமாக லேசாக மாற்றினால் போதும். கத்தரித்த துண்டில் புள்ளி பெரிதாகத் தெரிகிறதே என்று அதே அளவில் கேன்வாஸில் வைத்தால், கிணற்றுச் சுவர் கூழாங்கல் அளவுக்குச் சிறுத்துப்போகும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. ஏதோ பொம்மைக் கிணறு மாதிரி இருக்கிறது என்று மட்டும் தோன்றும்.

கேன்வாஸைத் தொடுவதற்கு முன் ஒரு கை அகல அட்டையில் மாதிரி போட்டுப் பாருங்கள். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைன் நீலமும் சமபாகம் கலந்தால் கிட்டத்தட்டக் கறுப்பாக வரும். அதில் டைட்டானியம் வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து நடுச் சாம்பலுக்குக் கொண்டுவாருங்கள். கல் பழுப்பு பாய்ந்திருந்தால் அம்பரையும், நீலம் பாய்ந்திருந்தால் அல்ட்ராமரைனையும் ஒரு சொட்டு கூட்டுங்கள். பச்சை கலந்த சாம்பல் என்றால் யெல்லோ ஓக்கர் ஒரு துளி. டியூப் கறுப்பில் வெள்ளை கலந்த சாம்பல் வேண்டாம். அது சிமெண்ட் பூச்சாகத்தான் தெரியும். அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு படி இருண்டுவிடும், அதனால் ஈரத்தில் ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள்.

அடி நிறம் காய்ந்தபின் அதைவிட இருண்ட சாம்பலை ஈரம் பிழிந்த ஸ்பாஞ்சால் அங்கங்கே ஒற்றுங்கள். புள்ளிக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். வண்ணம் பால் பதத்தில் இருக்க வேண்டும், தண்ணீராக ஓடினால் பொட்டுப் பொட்டாக விழும். முதல் இரண்டு மூன்று சுண்டலை வேண்டாத தாளில் உதறிவிட்டு, ஒரு சாண் தூரத்திலிருந்து அட்டை மேல் சுண்டுங்கள். பிறகு அட்டையையும் கத்தரித்த போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மொபைலில் கறுப்புவெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே டோனில் இருந்தால் சரி. இதன்பின் போட்டோவை மடக்கி வைத்துவிடலாம். கேன்வாஸுக்கு உங்கள் மாதிரி இனி இந்த அட்டைதான். கல்லின் குணம் அதில் இருக்கிறது, மண்டபம் அதில் இல்லை.

கேன்வாஸில் சொரசொரப்பைக் கடைசிக்கு முந்தின வேலையாக வையுங்கள். முதலில் உங்கள் சாயங்கால வெயிலுக்கு ஏற்ப மூன்றே டோன்: வெயில் விழும் வலது முகம், ஒளி சரியும் வளைவு, இருண்ட இடது முகம். வலப்பக்கத்துக்கு வெள்ளையோடு ஓக்கர், இடப்பக்கத்துக்குக் கூடுதல் அல்ட்ராமரைன். ஒரு புள்ளிகூட இல்லாமலேயே வட்டச் சுவர் வட்டமாகத் தெரிய வேண்டும். அது தெரியாதவரை மேலே போகக் கூடாது.

அதன்பின் மேடுபள்ளத்தை எல்லா இடத்திலும் ஒரே அழுத்தத்தில் போடாதீர்கள். உங்கள் கிணறு ஒட்டுப் போட்டதுபோல் தெரிவதற்கு இதுதான் முதல் காரணமாக இருக்கும். சாய்வெயிலில் சொரசொரப்பு மிக நன்றாகத் தெரிவது வெளிச்சம் நிழலாக மாறும் அந்தக் குறுகிய பட்டையில்தான். நேர் வெயில் விழும் இடத்தில் அது வெளிறிப் போகும், நிழலுக்குள் அமுங்கிவிடும். ஆகவே தெளிவான உளித் தடங்களில் பாதிக்கு மேல் அந்தப் பட்டையிலேயே விழட்டும். நிழல் பக்கத்தில் அடி நிறத்தைவிட அரைப் படி மட்டும் இருண்ட புள்ளிகள் போதும்.

இப்போது ஒரே ஒரு உளிக்குழியை மட்டும் கவனியுங்கள். உச்சி வெயில் போட்டோவில் வெளிச்சம் மேலிருந்து வருவதால், குழியின் மேல் உதடு இருண்டும் கீழ் உதடு வெளுத்தும் இருக்கும். உங்கள் படத்தில் வெளிச்சம் வலதிலிருந்து வருகிறது. குழியின் வலது உட்சுவர் வெயிலுக்கு முதுகு காட்டுகிறது, அது இருட்டு. இடது உட்சுவர் வெயிலைப் பார்க்கிறது, அதன் விளிம்பில் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு. போட்டோவில் உள்ளபடியே மேலே இருட்டு வைத்தால், சுவருக்கு ஒரு வெயிலும் குழிக்கு வேறொரு வெயிலும் ஆகிவிடும். இருட்டை இடது பக்கம் வைத்துவிட்டால் அது குழியாகவே தெரியாது, கொப்புளமாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். போட்டோவைத் திருப்பி வைத்துப் பார்த்துப் போடலாமே என்று சிலர் செய்வதுண்டு. பக்கவாட்டு முகத்துக்குச் சில சமயம் ஒத்துவரும், வளைவில் ஒத்துவராது. சுவரின் மேல்தளத்தில் குழிகள் வட்டமாக இருக்கக் கூடாது, சாய்ந்து பார்ப்பதால் தட்டையான நீள்வட்டமாகும். அங்கே பிரஷ்ஷால் சுண்டிய புள்ளிகளையும் காயும் முன் ஈர விரலால் படுக்கை வாட்டத்தில் லேசாக இழுத்துவிடுங்கள்.

கறைகளுக்கு வருவோம். ஆற்று மண்டபத்தின் கல்லில் வெள்ளம் விட்டுப்போன வண்டல் படுக்கைக் கோடாக நிற்கும், அதற்குக் கீழே நிறமே வேறு. உங்கள் கிணற்றுச் சுவருக்கு அந்தக் கோடு வந்ததென்றால் ஊரில் இடுப்பளவு வெள்ளம் வந்ததாகச் சொல்கிறீர்கள்! விளக்கேற்றிய கரியும் விபூதிப் பூச்சும் அப்படியே. காரணம் உங்கள் காட்சியில் இல்லாத கறையை விட்டுவிடுங்கள். கல்லைப் பிளக்க வரிசையாக ஆப்பு அடித்த சதுரக் குழிகள் விளிம்பில் இருந்தால் அவற்றைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், அவை கல் உடைத்த இடத்திலேயே வந்தவை. ஆனால் போட்டோவில் உள்ள அதே எண்ணிக்கையில், அதே இடைவெளியில் வேண்டாம். விரிசலும் அப்படித்தான். ஒரு விரிசலின் வளைவு அப்படியே வந்தால் அந்த மண்டபம் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். படம் வேறொருவர் எடுத்ததாக இருந்தால் நகல் என்ற பேச்சும் அங்கிருந்துதான் கிளம்பும்.

மண்டபக் கல் தர முடியாத ஒன்று உங்கள் கிணற்றில் இருக்கும்: கயிறு அறுத்த பள்ளம். வருஷக்கணக்காகக் கயிறு உரசிய இடத்தில் மணியும் இல்லை, உளித் தடமும் இல்லை, வழவழவென்று தேய்ந்திருக்கும். அங்கே ஸ்பாஞ்சும் பல் துலக்கும் பிரஷ்ஷும் வேண்டாம். சுண்டும்போது அந்தப் பள்ளங்களை ஒட்டு டேப்பால் மறைத்துவிடுங்கள், காய்ந்தபின் உரித்துவிட்டு, மென்மையான தூரிகையால் பள்ளத்தின் நீளவாக்கில் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஒரே இழுப்பாகக் கலந்துவிடுங்கள். வழவழப்பு பக்கத்தில் இருந்தால்தான் சுற்றியுள்ள சொரசொரப்பு எடுபடும்.

எல்லாம் காய்ந்ததும் ஆறேழு அடி தள்ளி நின்று பாருங்கள். முதலில் கிணறு தெரிந்து, கிட்டே வரும்போது கல் தெரிந்தால் நிறுத்திவிடலாம். தூரத்திலேயே புள்ளிகள் முந்திக்கொண்டு வந்தால், அந்த முகத்தின் அடி நிறத்தை கிளேஸிங் மீடியத்தில் பத்தில் ஒரு பங்கு கலந்து மேலே ஒரு மெல்லிய பூச்சு கொடுங்கள். மீடியம் இல்லையென்று வெறும் தண்ணீரில் அவ்வளவு கரைத்தால் வண்ணத்தின் பிடிப்பு போய், துடைத்தால் கையோடு வந்துவிடும். ஒரு பூச்சில் அடங்காவிட்டால் காய்ந்தபின் இரண்டாவது பூச்சு. வெயில் விழும் வலது முகத்தில் மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.