30×60 பைனாகுலரில் சனியின் வளையம் தெரியுமா?

கேள்வி: "எட்டாவது படிக்கும் என் மகளுக்கு சனியின் வளையத்தையும் வியாழனின் நிலாக்களையும் காட்ட ஆசை. ஆன்லைனில் 30×60, 126 மீ / 1000 மீ என்று போட்ட கையடக்க பைனாகுலர் ஒன்று பார்த்தேன். 525 மடங்கு பெரிதாக்கும் என்று சொல்லும் 70 மி.மீ. டெலஸ்கோப் ஒன்றும் இருக்கிறது. எதை வாங்கலாம் சார்?"

டெலஸ்கோப்பை வாங்குங்கள். ஆனால் அந்த 525ஐ நம்பி வாங்காதீர்கள்.

முதலில் பைனாகுலர். அதில் போட்டிருக்கும் எண்களே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. 30 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. 60 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 126 மீ / 1000 மீ என்றால், ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காட்சியில் 126 மீட்டர் அகலம் ஒரே பார்வையில் தெரியும் என்று பொருள். அந்தத் தூரத்தில் 17.5 மீட்டர் ஒரு டிகிரி. ஆக, இதன் பார்வைப் புலம் 7.2 டிகிரி. இதை 30ஆல் பெருக்கினால் 216 டிகிரி வரும். கண்ணை வைத்தால் காட்சி அவ்வளவு அகலமாக விரிய வேண்டும். நம் இரண்டு கண்ணும் சேர்ந்தே சுமார் 200 டிகிரிதான் பார்க்கும்! சாதாரண பைனாகுலர்களில் இந்தப் பெருக்கல் 50 முதல் 65 வரை வரும். அப்படிப் பார்த்தால் உங்கள் 30×60 உண்மையில் எட்டு மடங்கு அளவில்தான் இருக்கும்.

யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஸ்கேலை எடுத்து முன்லென்ஸை அளந்து பார்க்கலாம், 60 மி.மீ. இருக்கவே இருக்காது. பைனாகுலரை ஓர் அடி தள்ளிப் பிடித்து, சூரியன் இல்லாத பக்கத்து வானத்தை நோக்கிக் காட்டினால் கண்வைக்கும் துளையில் சின்ன ஒளிவட்டம் தெரியும். முன்லென்ஸின் விட்டத்தை இந்த வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் உண்மையான உருப்பெருக்கம் கிடைத்துவிடும். உதாரணமாக, 25 மி.மீ. லென்ஸ், 3 மி.மீ. வட்டம் என்றால் எட்டு மடங்கு.

நேர்மையான 10×50 பைனாகுலரில், முழங்கையை மாடிச் சுவரில் ஊன்றிப் பார்த்தால் வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் புள்ளிகளாகத் தெரியும். சனியின் வளையம் தெரியாது. கலிலியோ 1610இல் சுமார் 20 மடங்கு கருவியில் பார்த்தபோதுகூட அது வளையம் என்று புரியாமல், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உருண்டைகள் ஒட்டியிருப்பதாகத்தான் நினைத்தார்.

இப்போது டெலஸ்கோப். இந்த 70 மி.மீ. ரகத்தில் குவியத் தூரம் பெரும்பாலும் 700 மி.மீ. அதை, கண்வைக்கும் பக்கத்தில் செருகும் லென்ஸான ஐபீஸில் போட்டிருக்கும் எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும்: 25 மி.மீ. ஐபீஸுக்கு 28 மடங்கு, 10 மி.மீ. ஐபீஸுக்கு 70. அப்புறம் 525 எங்கிருந்து வந்தது? 4 மி.மீ. ஐபீஸ் 175 தரும். அதோடு உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸைச் சேர்த்தால் 525. கணக்கு சரிதான், காட்சிதான் இருக்காது. லென்ஸ் விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பது பொதுவான உச்சவரம்பு. 70 மி.மீ.க்கு அது 140. அதற்கு மேல் போனால் படம் மங்கிக் கலங்கும், புதிதாக எதுவும் தெரியாது. அந்த பார்லோ பெட்டியிலேயே கிடக்கட்டும்.

உங்கள் மகள் வளையத்தைப் பார்க்கப்போவது 70 மடங்கில். படங்களில் வருவதுபோல் வண்ணமயமாக இருக்காது. வெளிர்மஞ்சளில் ஒரு குட்டி உருண்டை, அதைச் சுற்றி ஒரு வளையம், அவ்வளவுதான். ஆனால் வளையம் என்பதில் சந்தேகமே வராது. 2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு நம் பக்கம் திரும்பி, அது ஏறக்குறைய மறைந்தே போனது. அதற்குப் பிறகு விரிந்துவருகிறது. வரும் சில ஆண்டுகளில் இன்னும் நன்றாகத் தெரியும். வியாழனில் நிலாக்களோடு குறுக்கே ஓடும் இரண்டு பட்டைகளையும் பார்க்கலாம். நெபுலாக்கள் சாம்பல் நிறத் திட்டாகத்தான் தெரியும்.

சிரமம் ஒன்று இருக்கிறது. 70 மடங்கில் பார்வைப் புலம் முக்கால் டிகிரிகூட இருக்காது. முழுநிலவு அதற்குள் கொஞ்சம் இடம்விட்டு அடங்கும். அந்தச் சின்ன வட்டத்துக்குள் நேரடியாக சனியைக் கொண்டுவர முயன்றால் அலுத்துப்போகும். 25 மி.மீ. ஐபீஸில் பிடித்து, நடுவில் நிறுத்தி, அதன்பின் 10 மி.மீ.க்கு மாற்றுங்கள். பூமி சுழல்வதால் மூன்று நிமிடத்துக்குள் கோள் வட்டத்தை விட்டு நழுவிவிடும். கிழக்கு ஓரத்தில் நிறுத்திவிட்டு மகளைக் கூப்பிட்டால் அவளுக்கு முழு நேரமும் கிடைக்கும். விலை குறைந்த ட்ரைபாட் தொட்டாலே ஆடும், அதனால் கால்களை முழுதாக நீட்டாமல் உட்கார்ந்து பாருங்கள்.

சில பெட்டிகளில் ஐபீஸில் திருகும் கறுப்பு 'சன் ஃபில்டர்' ஒன்று வரும். சூரிய வெப்பத்தில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும். பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள்.