முள்ளும் எலும்பும் ஓடும் கழித்த எடை: உணவியலாளரின் பதில்கள்

வள்ளியூர் வாசகர்: பாறை மீன் 600 கிராம். மீனில் பாதி கழிவு என்பதால் உணவுக் குறிப்பில் 300 என்று எழுதினேன். சரிதானே?

அந்த 600 எந்தத் தராசில் வந்தது என்பதைப் பொறுத்தது. கடைக்காரர் முழு மீனை நிறுத்துவிட்டுத்தான் செதிலும் குடலும் நீக்கித் தருவார். அந்த எடையில் பாதி என்பது தோராயமாகப் பொருந்தும். வெட்டி வந்த துண்டுகளை வீட்டில் நிறுத்திருந்தால், தலையும் குடலும் ஏற்கெனவே போய்விட்டன. இனி நடுமுள்ளை மட்டுமே கழிக்க வேண்டும். ஒரே கழிவை இருமுறை கழிப்பதுதான் நான் அடிக்கடி காணும் பிழை.

மேலப்பாளையம் வாசகர்: அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு, புரதத்தை அளந்து கொடுக்கச் சொன்னார்கள். எலும்போடு அரைக் கிலோ ஆட்டுக்கறி எடுத்து நால்வர் சாப்பிடுகிறோம். எப்படிக் கணக்கிடுவது?

பச்சைக் கறியை எலும்போடு நிறுத்து எழுதுங்கள். சாப்பிட்டு முடித்ததும் எல்லார் தட்டிலிருந்தும் எலும்புகளைச் சேர்த்து, ஒட்டிய மசாலாவைக் கழுவி, துணியால் ஒற்றி நிறுங்கள். 130 கிராம் இருந்ததாக வைத்துக்கொண்டால், உண்ட பகுதி பச்சை எடையில் 370 கிராம். உணவு அட்டவணை 100 கிராம் எலும்பில்லாப் பச்சைக் கறிக்கு ஏறக்குறைய 20 கிராம் புரதம் காட்டுகிறது. ஆகவே மொத்தம் 74, சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு 18.5. எலும்பைக் கழிக்காவிட்டால் 25 என்று வந்திருக்கும். வெந்த சதையைத் தனியே நிறுத்துப் பச்சைக் கறியின் அட்டவணையோடு பொருத்தாதீர்கள். வேகும்போது நீர் வெளியேறுவதால் புரதம் குறைவாகத் தெரியும்.

இம்முறையிலும் ஒரு குறை உண்டு. குக்கரில் எலும்பின் கொழுப்பும் நல்லி எலும்பின் உள்ளீடும் குழம்பில் இறங்கிவிடுவதால், கழிவு சற்றுக் குறைவாகவும் உண்டது சற்று மிகுதியாகவும் தெரியும். அப்பாவின் பங்கு சமமானதா என்பது இதைவிடப் பெரிய ஐயம்; அவர் தட்டின் எலும்பைத் தனியே நிறுப்பது நல்லது. அளவின் வரம்பை மருத்துவரே சொல்ல வேண்டும்.

உவரி வாசகர்: சாளை கிலோ 200 ரூபாய். கழிவு போக அது மலிவுதானா?

கேட்பது விலையைத்தான் என்றாலும் கழிவு போக மிஞ்சும் எடையே இங்கும் உதவும். ஒரு முறை நான் நிறுத்த 1000 கிராம் சாளை, கழுவியபின் 620. முள்ளை ஒதுக்கியபின் 550. 200-ஐ 0.55-ஆல் வகுத்தால், உண்ணும் ஒரு கிலோ ஏறக்குறைய 364 ரூபாய். ஆனால் நம் வீடுகளில் சிறு சாளையை முள்ளோடு மென்றுவிடுபவர்களும் உண்டு. அவர்களுக்கு முள் கழிவல்ல. சுண்ணாம்புச் சத்தும் கூடும். அவர்களுக்கு எந்த எண்ணை எழுதுவது என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை.

அம்பாசமுத்திரம் வாசகி: முட்டை ஓடு எவ்வளவுதான் இருந்துவிடும்?

எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஓடோடு 220 கிராம் இருந்த நான்கு முட்டைகளை உடைத்து ஊற்றியபோது 194 கிராம் கிடைத்தது. ஓட்டின் உட்புறத்தை விரலால் வழித்துவிடுங்கள். இல்லையெனில் வெள்ளைக்கருவும் ஓட்டுக் கணக்கில் போய்விடும்.