அட்ரினல் நாள இரத்த மாதிரி: ஒரு பக்கமா, இரு பக்கமா?

வெள்ளவத்தையிலிருந்து: அம்மாவுக்கு 52 வயது. அட்ரினல் சுரப்பி அல்டோஸ்டெரோன் ஹோர்மோனைக் கூடச் சுரந்து இரத்த அழுத்தம் ஏறும் வருத்தம். சிடி ஸ்கானில் இடது அட்ரினலில் 14 மில்லிமீற்றர் கட்டி. இடம் தெரிந்துவிட்டதே, பிறகேன் நாளத்திலிருந்து இரத்தம் எடுக்க வேணும்?

ஸ்கான் கட்டியைக் காட்டும். அல்டோஸ்டெரோனைச் சுரப்பது அந்தக் கட்டிதானா என்பதைக் காட்டாது. அம்மாவின் வயதில் ஒன்றும் சுரக்காத கட்டிகள் சாதாரணம். பார்வைக்கு நன்றாக இருக்கிற வலது சுரப்பியும் சேர்ந்து சுரந்துகொண்டிருந்தால், இடதை எடுத்தாலும் வருத்தம் மாறாது.

மருத்துவப் பயிலுநர்: ஒருவருக்கு அட்ரினலைத் தூண்டும் கொசின்ட்ரோபின் ஊசி ஏற்றி எடுத்த மாதிரியில் அல்டோஸ்டெரோன் இடது 67,200, வலது 25,200 பிகோமோல். மூன்று மடங்குகூட இல்லை. இரு பக்கம் என்று எழுதலாமா?

வேண்டாம். பக்கத்தில், அட்ரினல் சுரக்கும் இன்னொரு ஹோர்மோனான கோர்ட்டிசோலை வைத்துப் பாருங்கள்: நீங்கள் அனுப்பிய தாளில் இடது 7,000, வலது 21,000, கீழ்ப் பெருநாளம் 700 நனோமோல். பெருநாளத்தைவிட இடது 10 மடங்கு, வலது 30 மடங்கு. ஊசியோடு 5 மடங்கு தாண்டினால் குழாய் சரியான நாளத்தில்தான் இருந்தது. இடதில் கோர்ட்டிசோல் குறைவானதற்குக் காரணம் கலப்பு: அட்ரினல் நாளத்தோடு உதரவிதான நாளமும் சேர்ந்துதான் சிறுநீரக நாளத்துக்குள் விழுகிறது.

அந்தக் கலப்பைக் கழிக்க அல்டோஸ்டெரோனைக் கோர்ட்டிசோலால் வகுக்கிறோம். இடது 9.6, வலது 1.2, ஆக 8 மடங்கு. 4 ஐத் தாண்டினால் ஒரு பக்கம். பெருநாளத்தில் விகிதம் 2. வலது அதற்கும் கீழே, அதாவது அடங்கிக் கிடக்கிறது. இவருக்கு இடதை எடுக்கலாம்.

அதே பயிலுநர்: இன்னொருவருக்கு வலது கோர்ட்டிசோல் 900, பெருநாளம் 700. அல்டோஸ்டெரோனும் குறைவு. வலது அடங்கியிருக்கிறது என்று கொள்ளலாமா?

அது அட்ரினல் இரத்தமே இல்லை. வலது நாளம் மிகக் குட்டையானது, நேரே பெருநாளத்தின் பின்சுவரில் திறக்கும். பக்கத்திலுள்ள சிறு கல்லீரல் நாளத்துக்குள் குழாய் போய்விடும். சோதனை தவறுவது பெரும்பாலும் இங்கேதான். கோர்ட்டிசோல் முடிவு மேசையிலேயே கிடைத்தால் உடனே திருப்பி எடுக்கலாம். இடதையும் பெருநாளத்தையும் மட்டும் வைத்துத் தீர்மானிப்போரும் உண்டு. அதில் ஒருமித்த கருத்து இல்லை. நான் திரும்பச் செய்யவே சொல்வேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: எனக்கும் இதே வருத்தம், அல்டோஸ்டெரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் குடிக்கிறேன். அன்று காலைக் குளிசையை மட்டும் விட்டால் போதும்தானே?

போதாது. அதன் தாக்கம் வாரக்கணக்கில் நிற்கும். வழக்கமாக 4 முதல் 6 வாரம் நிறுத்தி டொக்சசோசின், வெரபமில் போன்றவற்றுக்கு மாற்றுவார்கள். அல்டோஸ்டெரோனைத் தூண்டும் ரெனின் குளிசையோடும் அடங்கியே இருந்தால் நிறுத்தாமல் செய்யலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், பொட்டாசியம் சட்டென்று விழும். அது குறைந்திருந்தால் அல்டோஸ்டெரோனும் குறைந்து முடிவு குழம்பும்; முதலில் அதைச் சரிப்படுத்த வேணும்.

கிளினிக் டொக்டர் ஒருவர்: கட்டி கோர்ட்டிசோலையும் சுரந்தால் இந்த விகிதம் நிற்குமா?

நிற்காது. கட்டிப் பக்கத்தில் வகுக்கும் எண் பெருக்க விகிதம் இறங்கும். மறுபக்கத்தில் கோர்ட்டிசோல் அடங்க விகிதம் ஏறும். ஒரு பக்க நோய் இரு பக்கம்போலத் தோன்றும். அதனால் கோர்ட்டிசோல் கூடச் சுரக்கிறதா என்று பார்க்க முன்கூட்டியே 1 மில்லிகிராம் டெக்சாமெதசோன் சோதனை செய்யுங்கள். கோர்ட்டிசோலுக்குப் பதிலாக, அட்ரினலிலிருந்தே வரும் மெட்டாநெப்ரினை வைத்தும் கணக்குப் பார்க்கலாம், ஆனால் அதற்கான எல்லை எண்கள் இன்னும் நிலைப்படவில்லை.