ஒளிப்படத்தில் ஒரே தொடுதலில் எதை அழிப்பது என்று கைப்பேசி எப்படி முடிவு செய்கிறது? – கேள்வி பதில்

கேள்வி: நான் தொட்டது சட்டையை மட்டும்தான். ஆள் முழுவதும் எப்படித் தேர்வானார்?

பதில்: விரல் தரும் செய்தி ஒரு புள்ளி மட்டுமே. அந்தப் புள்ளி சட்டைப் பைக்குள்ளும் இருக்கிறது, சட்டைக்குள்ளும் இருக்கிறது, ஆளுக்குள்ளும் இருக்கிறது. மூன்றுமே சரியான விடைகள்தான். 2023 ஏப்ரலில் மெட்டா நிறுவனம் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்ட ‘செக்மென்ட் எனிதிங்’ என்ற, படத்தில் பொருள்களின் எல்லையைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவு மாதிரியை வைத்துச் சொல்கிறேன். அது ஒரே புள்ளிக்கு மூன்று எல்லைகளை வரைந்து, ஒவ்வொன்றும் உண்மையான ஒரு பொருளின் விளிம்போடு எவ்வளவு பொருந்தும் என்று தானே மதிப்பெண்ணும் இட்டுக்கொள்கிறது. மதிப்பெண் மிகுந்ததே உங்கள் கண்ணுக்கு வரும். அழிக்கும் கருவிக்கோ நோக்கம் தெரியும்; சட்டையை மட்டும் அழிக்க யாரும் கேட்பதில்லை என்பதால், முழு ஆளின் பக்கம் சாய்வதே பொருத்தம்.

ஆள் ஒரு சைக்கிளைப் பிடித்தபடி நின்றால் குழப்பம் கூடும். அப்போது சைக்கிளை இரண்டாவதாகத் தொடுங்கள். இரண்டு புள்ளிகளும் சேர்ந்தால் பொருள் தெளிவாகிவிடுவதால், செக்மென்ட் எனிதிங் மூன்றுக்குப் பதிலாக ஒரே எல்லையைத் தரும்.

கேள்வி: தொட்ட இடத்தின் நிறம் பரவிக்கொண்டே போய், நிறம் மாறும் இடத்தில் நின்றுவிடுகிறது. அவ்வளவுதானே?

பதில்: கணினியில் இருந்த பழைய மந்திரக்கோல் கருவி அப்படித்தான் வேலை செய்தது. கட்டம் போட்ட சட்டையில் அது முதல் கோட்டிலேயே நின்றுவிடும். இப்போதைய முறையில், நீங்கள் தொடுவதற்கு முன்பே படம் முழுவதும் ஒருமுறை வாசிக்கப்படுகிறது. செக்மென்ட் எனிதிங்கில் படத்தின் நீளமான பக்கம் 1024 படப்புள்ளிகளாகச் சுருக்கப்பட்டு, 16×16 அளவுள்ள சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் சுற்றியிருப்பவற்றோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பது எண்களாகக் குறிக்கப்படுகிறது. நேரம் பிடிப்பது இந்த வாசிப்புதான். அதன்பின் எத்தனை முறை தொட்டாலும் விடை உடனே வந்துவிடும்.

ஆனாலும் நீங்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் வெள்ளை வேட்டி கட்டியவர் நின்றால், விளிம்புக்குச் சான்றே இல்லாமல் மாதிரி ஊகத்தில் கோடு இழுக்கிறது. முழங்காலுக்குக் கீழே கோடு நெளிவதை நீங்களே பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் மொட்டைமாடிப் படத்தில் மின்கம்பியைத் தொட்டால் வானம் முழுவதும் தேர்வாகிறது. என் கைப்பேசியில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, கணக்குதான். உங்கள் படம் 4000 படப்புள்ளி அகலம் என்று வைத்துக்கொள்வோம். செக்மென்ட் எனிதிங் வரையும் எல்லைப்படம் 256 அகலம் மட்டுமே. அதில் ஒரு புள்ளி உங்கள் படத்தில் ஏறக்குறைய 16 புள்ளிகளுக்குச் சமம். ஆறு புள்ளி தடிமனுள்ள கம்பி அதில் பாதிகூட இல்லை. போதாததற்கு, 7 செ.மீ. அகலத் திரையில் அந்தப் படம் தெரியும்போது ஒரு மில்லிமீட்டருக்குள் 57 படப்புள்ளிகள் அடங்கியிருக்கின்றன; விரல் இம்மியளவு விலகினாலும் நீங்கள் தொட்டது வானத்தைத்தான். பெரிதாக்கித் தொட்டால் விரலின் பிழை குறையும். படத்தின் பிரதி ஒன்றை எடுத்து 1000 புள்ளி அகலத்துக்கு வெட்டிக்கொண்டால், எல்லைப்படத்தின் ஒரு புள்ளி நான்கு படப்புள்ளிகளாகச் சுருங்கும்.

மீண்டும் அவரே: வெட்டிப் பார்த்தேன். கம்பி தேர்வானது, ஆனால் தென்னை ஓலைக்கு முன்னால் போகும் இடத்தில் அறுந்துவிடுகிறது.

பதில்: ஓலைக் கீற்றும் கம்பியும் ஒரே தடிமனில், ஒரே கருமையில் இருக்கும் இடத்தில் ஒரு தொடுதலால் பிரித்தெடுக்க என்னிடம் நம்பகமான வழி இல்லை. அந்தத் துண்டை விரலால் தீட்டித்தான் குறிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: அழித்த இடத்தில் புல் திட்டுத்திட்டாக வருகிறது. நல்ல செயலி ஒன்று சொல்லுங்கள்.

பதில்: செயலியை மாற்றுமுன் ஒன்றைச் சோதியுங்கள். பொருளின் விளிம்பில் உள்ள புள்ளிகளில் பொருளின் நிறமும் பின்னணியின் நிறமும் கலந்திருக்கும். எல்லை மிக நெருக்கமாக விழுந்தால் அந்த மெல்லிய வளையம் வெளியே தங்கிவிடும். காலி இடத்தை நிரப்பும் பகுதி அதையும் பின்னணி என்று நம்பி உள்ளே இழுத்து வரையும். இதனால்தான் எல்லையைச் சில புள்ளிகள் வெளியே தள்ளிவிட்டு அழிப்பது வழக்கம். அழித்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பழைய சட்டையின் நிறத்தில் வளையம் தெரிந்தால், செயலை மீட்டு, சற்று அகலமாகத் தீட்டி அழியுங்கள். வளையம் இல்லாமலே திட்டு இருந்தால் குறை நிரப்பும் பகுதியில்தான். அப்போது வேறு செயலி தேடுவதில் நியாயம் உண்டு.

கேள்வி: ஆள் போய்விட்டார். நிழல் மட்டும் தரையில் நிற்கிறதே?

பதில்: நிழல் ஆளின் பகுதியல்ல, வெளிச்சம் குறைந்த தரை. பொருள்களின் எல்லையைக் கற்ற மாதிரி பாதத்தோடு நின்றுவிடுகிறது. நிழலையும் சேர்த்தெடுக்க வேண்டுமானால் ஆளையும் நிழலையும் இணையாகக் காட்டித் தனியே பயிற்றுவிக்க வேண்டும். கருவி சேர்த்தெடுக்காவிட்டால், ஆளை அழிப்பதற்கு முன்பே நிழலையும் தொட்டு இரண்டையும் ஒன்றாக அழியுங்கள். உச்சி வெயிலின் கூர்மையான நிழல் ஒரே தொடுதலில் அகப்படும். மேகமூட்டத்தில் விழும் மங்கிய நிழலுக்கு விளிம்பே இல்லாததால், அதைக் கையால் தீட்டித்தான் எடுக்க வேண்டும்.