ஒரு செவ்வாயை மாற்றப் போய் எல்லாச் செவ்வாயும் மாறியது

கேள்வி: ஆன்லைனில் வயலின் சொல்லித்தருகிறேன், செவ்வாய்தோறும் இரவு 7 மணிக்கு. அக்டோபர் 14 மட்டும் 6 மணி என்று கூகுள் காலண்டரில் மாற்றினேன். எல்லா வாரமும் 6 ஆகிவிட்டது. பெற்றோர் திட்டுகிறார்கள்.
— ஆசிரியை, திருச்சி

பதில்: திட்டத்தான் செய்வார்கள். சேமிக்கும்போது வரும் கேள்வியைப் படிக்காமல் All events-ஐ அழுத்தியிருக்கிறீர்கள். மறுபடி திறந்து நேரத்தை 7 ஆக்கி, அதே All events-ஐக் கொடுங்கள். பிறகு 14ஆம் தேதியை மட்டும் திறந்து 6 ஆக்கி, This event என்று சேமியுங்கள். முன்பு தனியாக மாற்றி வைத்திருந்த வகுப்புகள் இந்தக் குழப்பத்தில் பழைய நேரத்துக்குப் போயிருக்கலாம். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

நவம்பரிலிருந்து நிரந்தரமாக 6 மணி என்றால், நவம்பரின் முதல் வகுப்பைத் திறந்து This and following events கொடுங்கள். பழைய தொடர் அக்டோபரோடு முடிந்து புதிய தொடர் தொடங்கும். நடந்த வகுப்புகள் 7 மணி என்றே பதிவில் இருக்கும். கட்டணக் கணக்கில் தகராறு வந்தால் அந்தப் பதிவு உதவும்.

கேள்வி: இதற்கெல்லாம் காசு கொடுத்து ஒரு ஆப் வாங்கலாமா?
— வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். தள்ளுபடி என்று ஓராண்டுச் சந்தா கட்டி ஒன்றை வாங்கினேன். அதில் நான் பயன்படுத்தியதெல்லாம் இலவசக் காலண்டரிலேயே இருக்கிறது.

கேள்வி: யோகா வகுப்புக்கு மூன்று மாதக் கட்டணம் கட்டியிருக்கிறேன். காலை 6 மணி வகுப்பை 5.30க்கு மாற்றிவிட்டு, “காலண்டரில் மாறியிருக்குமே” என்கிறார் ஆசிரியர். என் அவுட்லுக்கில் இன்னும் 6தான். தவறிய வகுப்புக்குப் பணம் போச்சா?
— வாசகி, கோவை

பதில்: ஏன் போகணும்? தவறு உங்களுடையதல்ல. ஆசிரியர் கூகுள் காலண்டரில் மாற்றியிருந்தால், அனேகமாக Don't send-ஐ அழுத்தியிருப்பார்.

எனக்கு ரொம்ப நாளாக எரிச்சல் தரும் பொத்தான் அது. மின்னஞ்சல் அனுப்பித் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில் அழுத்துகிறார்கள். கூகுள் காலண்டர் வைத்திருப்பவருக்கு நேரம் சத்தமில்லாமல் மாறிவிடும். அவர் கவனித்தால் உண்டு. உங்களைப் போல வேறு காலண்டர் வைத்திருப்பவருக்கு அந்த மின்னஞ்சல்தான் மாற்றத்தைக் கொண்டுவரும். அது வராவிட்டால் பழைய நேரமே நிற்கும். Send கொடுத்தாலும் போதாது. அங்கேயே செய்தி எழுத ஒரு பெட்டி வருகிறது. “நவம்பர் 3 முதல் எல்லாத் திங்களும் காலை 6க்குப் பதில் 5.30. இணைப்பு அதேதான்” என்று எழுத எவ்வளவு நேரமாகும்? பழைய நேரம், புதிய நேரம், ஒரு நாளா தொடரா, வேறென்ன மாறவில்லை, அவ்வளவுதான். வெறும் ‘அப்டேட்’ என்று வந்தால் யார் திறக்கிறார்கள்?

சரி, உங்கள் விஷயம். Updated invitation என்ற தலைப்பில் மின்னஞ்சல் வந்ததா என்று ஸ்பாமிலும் தேடுங்கள். வரவில்லை என்றால் 6 மணி காட்டும் திரையைப் படமெடுத்து, முதல் அழைப்பையும் கட்டண ரசீதையும் சேர்த்து, மாற்று வகுப்பு கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.