காலமும் பீமும் சேரும் ஜாயின்ட்டுக்குள் ரிங் விட்டுப்போச்சு, என்ன செய்வது?

"காலம் 300 × 450, 16 மிமீ கம்பி, 8 மிமீ ரிங். பீம் கம்பி இறக்கியாச்சு, ஜாயின்ட்டுக்குள் ரிங்கே இல்லை. பீம் கம்பியே பிடித்துக்கொள்ளும் என்கிறார் கம்பி கட்டுபவர். நாளை மறுநாள் கான்கிரீட். விடலாமா?"

விடாதீர்கள். நிலநடுக்கத்தில் ஜாயின்ட் மூலைவிட்டமாக இழுபட்டு X வடிவில் வெடிக்கும். அந்தக் கான்கிரீட்டை இறுக்கிப் பிடிப்பது ரிங்தான், பீம் கம்பி அல்ல.

மேலிருந்து ரிங்கை இறக்கினால் பீமின் மேல் கம்பியில் தட்டி நின்றுவிடும். அதனால் மேல் கம்பிகளின் கட்டை அவிழ்த்து உருவிவிடுங்கள். காலம் கம்பி வழியே ரிங்குகளை இறக்கிக் கட்டிய பிறகு மேல் கம்பியைத் திரும்பச் செருகுங்கள். அரை நாள் வேலை, கொஞ்சம் முணுமுணுப்பும் இருக்கும்.

நிலநடுக்கத்துக்கான IS 13920 விதிப்படி ரிங் இடைவெளி மூன்றில் சிறியது: குறுகிய பக்கத்தில் கால்வாசி (75), கம்பி விட்டம் போல் 6 மடங்கு (96), 100 மிமீ. உங்களுக்கு 75. நான்கு பக்கமும் அகலமான பீம் சேர்ந்தால் மட்டுமே ஜாயின்ட்டுக்குள் தளர்வு உண்டு. ஜாயின்ட்டுக்கு மேலும் கீழும் இதே நெருக்கம் வேண்டும். பீம்களுக்கு இடையே காலத்தின் உயரம் 3 மீட்டர் என்றால் 500 மிமீ வரை. 8 மிமீ போதுமா என்பதை மட்டும் டிசைனரிடம் கேளுங்கள்.

அப்புறம், கொக்கியைப் பாருங்கள். 90 டிகிரி என்றால் வெளிப்புறக் கவர் கான்கிரீட் உதிர்ந்ததும் விரிந்துவிடும். 135 டிகிரி வளைத்து, நுனி 65 மிமீ உள்ளே போக வேண்டும்.