சீரிஸா, பேரலலா? சோலார் பேனல் இணைப்பு குறித்துச் சில கேள்விகள்

ஒரே மாதிரி 8 பேனல் இருக்கிறது. ஒவ்வொன்றும் 400 வாட். எதையும் இணைக்காதபோது வரும் வோல்டேஜ் Voc 37 V, முழு வாட் தரும்போது வோல்டேஜ் Vmp 31 V, ஷார்ட் செய்தால் ஓடும் கரன்ட் Isc 13.7 A, முழு வாட் தரும்போது கரன்ட் Imp 12.9 A. கன்ட்ரோலர் 150 V வரை தாங்கும். நாலு நாலாக சீரிஸில் போட்டு, இரண்டு ஸ்ட்ரிங்கையும் பேரலல் செய்யலாமா?

சீரிஸில் வோல்டேஜ் கூடும், கரன்ட் அப்படியே இருக்கும். பேரலலில் கரன்ட் கூடும், வோல்டேஜ் அப்படியே இருக்கும். அந்தக் கணக்கில் உங்கள் அமைப்புக்கு Voc 4 × 37 = 148 V, Isc 2 × 13.7 = 27.4 A வருகிறது. 150-க்கு உள்ளேதானே என்று தோன்றும், ஆனால் செய்யாதீர்கள். லேபிளில் இருப்பது செல்லின் சூடு 25 டிகிரி இருக்கும்போது அளந்த எண். செல் குளிர்ந்தால் Voc ஏறும். எவ்வளவு என்பது டேட்டாஷீட்டில் இருக்கும், இப்போதைய பேனல்களில் பெரும்பாலும் ஒரு டிகிரிக்கு 0.3 சதவீதத்தை ஒட்டி. 0.28 என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை 5 டிகிரி என்றால் 20 டிகிரி வித்தியாசம், அதாவது 5.6 சதவீதம், 148 என்பது 156 V ஆகிவிடும். விடியலில் வெயிலே இல்லையே என்று சமாதானம் சொல்ல முடியாது, ஏனென்றால் வெளிச்சம் குறைந்தால் பெரிதாக விழுவது கரன்ட்தான், வோல்டேஜ் லேசான வெளிச்சத்திலேயே முக்கால்வாசிக்கு மேல் வந்து நிற்கும், அப்புறம் வெயில் ஏற ஏற, பேனல் சூடாவதற்கு முன்பே உச்சத்தைத் தொட்டுவிடும். கன்ட்ரோலரின் உள்ளீடு எரிந்துபோக அந்தச் சில நிமிடம் போதும்.

மூன்று மூன்றாக இரண்டு ஸ்ட்ரிங் போட்டால் Voc 111 V, அதே குளிரில் 117 V. நிம்மதி. வேலை செய்யும் நிலையில் 93 V, 25.8 A, ஏறக்குறைய 2400 வாட். மீதி இரண்டு பேனலை என்ன செய்வது என்பீர்கள். ஒன்பதாவது வாங்கி மூன்றாவது ஸ்ட்ரிங் ஆக்கலாம், அல்லது இரண்டிரண்டாக நாலு ஸ்ட்ரிங் போடலாம். பின்னதற்கு ஒரு சிக்கல் உண்டு, அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

48 V பேட்டரிக்கு இரண்டு பேனல் சீரிஸ் போதாதா? 62 V வருகிறதே.

குளிர்ந்த நாளில் போதும். நல்ல வெயிலில் செல் 65 டிகிரிக்குப் போய்விடும். Vmp ஒரு டிகிரிக்கு 0.35 சதவீதம் குறைகிறது என்றால் 14 சதவீதம் போய் 53 V-தான் மிஞ்சும். பேட்டரி நிறைய 57, 58 V தேவை, அதற்கும் மேலாகச் சில வோல்ட் இருந்தால்தான் பொதுவான எம்பிபிடி கன்ட்ரோலர்கள் சார்ஜ் செய்யும். வெயில் கொளுத்தும்போது சார்ஜ் படுத்துவிடும். மேல் எல்லையைக் குளிருக்கும், கீழ் எல்லையைச் சூட்டுக்கும் பாருங்கள்.

ஒரு ஸ்ட்ரிங்கில் 3 பேனல், இன்னொன்றில் 2. பேரலல் செய்தால்?

வேண்டாம். இரண்டும் ஒரே வோல்டேஜில்தான் ஓடியாக வேண்டும், ஏதாவது ஒரு ஸ்ட்ரிங் வீணாகும். தனி உள்ளீடு இருந்தால் அதில் கொடுங்கள்.

எத்தனை ஸ்ட்ரிங் ஆனால் ஃபியூஸ் போட வேண்டும்?

உங்கள் பேனல் லேபிளில் அதிகபட்ச ஃபியூஸ் 25 A என்று இருக்கிறது என்று வையுங்கள். ஒரு ஸ்ட்ரிங்கில் ஷார்ட் ஆனால் மற்ற ஸ்ட்ரிங்குகள் அதற்குள் கரன்ட்டைத் தள்ளும். மொத்தம் இரண்டே என்றால் தள்ளுவது ஒன்றுதான், 13.7 A, பேனல் தாங்கிக்கொள்ளும். மூன்று என்றால் இரண்டு சேர்ந்து 27.4 A தள்ளும். அங்கே ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் தனி ஃபியூஸ் அவசியம், அதுவும் அந்த வோல்டேஜுக்கு ஏற்ற டிசி ஃபியூஸ்.

சேர்ப்பதற்கு முன் மல்டிமீட்டரில் பார்த்தேன். ஒரு ஸ்ட்ரிங் 108 V, இன்னொன்று 36 V. ஒரு பேனல் போய்விட்டதா?

ஒரு பேனல் மட்டும் செத்திருந்தால் 72-ஐ ஒட்டி வந்திருக்கும். இணைப்பு எங்காவது விட்டிருந்தால் பூஜ்யம்தான். சரியாக மூன்றில் ஒரு பங்கு வருகிறது என்றால் ஒரு பேனல் தலைகீழாக இருக்கிறது: 36 + 36 − 36. ஆயத்தமாக வரும் ஒயர் மாறாது, யாரோ வெட்டி முனையை மாற்றிப் போட்டிருப்பார்கள். ஒருவேளை 96 V வந்திருந்தால் வேறு கதை, ஒரு பேனலின் பைபாஸ் டையோடு ஒன்று ஷார்ட் ஆகி, மூன்று பகுதியில் ஒரு பகுதி அடைபட்டிருக்கும்.

இப்போதைக்கு இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள், 108 V ஸ்ட்ரிங் மற்றதற்குள் பாயும். திருத்திய பிறகு இரண்டும் ஓரிரு வோல்ட் வித்தியாசத்துக்குள் வந்தால், ப்ளஸ் மைனஸ் குறியையும் மீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டுச் சேருங்கள். கரன்ட் ஓடும்போது கனெக்டரைக் கழற்றாதீர்கள், முதலில் டிசி சுவிட்சை அணையுங்கள்; டிசியில் பொறி தானாக அணையாது.